மூடிய வாய்க்குள் யாருடைய பற்கள்?

பாட்டியின் கல்யாண போட்டோவைச் சிரிக்க வைப்பது இன்று ஒரு செயலிக்குச் சில நொடி வேலை. 2021 பிப்ரவரியில் மைஹெரிட்டேஜ் நிறுவனம் ‘டீப் நாஸ்டால்ஜியா’ என்ற வசதியை வெளியிட்டபோது, உலகம் முழுக்க மக்கள் இறந்துபோன உறவினர்களின் படங்களை அதில் போட்டுப் பார்த்தார்கள். படத்தில் இருப்பவர் கண் சிமிட்டினார், தலையைத் திருப்பினார், மெல்லச் சிரித்தார். இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். உயிருள்ள ஒருவரின் காணொளியிலிருந்து முக அசைவை எடுத்து, அசையாத இன்னொரு முகத்துக்குக் கொடுப்பது.

புருவத்தை உயர்த்துவதும் தலையைச் சாய்ப்பதும் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு வேண்டிய தோலும் முடியும் படத்திலேயே இருக்கின்றன. வாயில்தான் வேலை நின்றுவிடுகிறது. பேத்தி பல் தெரியச் சிரிக்கிறாள். பாட்டியோ அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கப்படி உதட்டை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறார். பேத்தியின் சிரிப்பைப் பாட்டிக்குக் கொடுத்தால் பாட்டியின் உதடுகள் பிரிய வேண்டும். பிரிந்த உதடுகளுக்கு நடுவே எதைக் காட்டுவது? பாட்டியின் பல்லைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூடப் பதிவாகவில்லை. இருக்கும் தகவலைத் தெளிவாக்குவது வேறு, இல்லாத தகவலை உண்டாக்குவது வேறு. இங்கே நடப்பது இரண்டாவது.

இதற்கு உலகறிந்த உதாரணம் மோனாலிசா. 2019 மே மாதம் மாஸ்கோவில் உள்ள சாம்சங் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் அந்த ஓவியத்தைப் பேசுவதுபோல் அசைத்துக் காட்டினார்கள். வெவ்வேறு ஆட்களின் அசைவைக் கொடுத்தபோது ஒவ்வொரு முறையும் வேறொரு மோனாலிசா வந்தாள். டாவின்சி வரைந்தது மூடிய வாய். அவள் பேசியபோது வாய்க்குள் தெரிந்தது எதுவும் ஓவியத்தில் இருந்தது அல்ல. முழுக்கக் கணினி நிரப்பியது.

கணினி இதை எப்படி நிரப்புகிறது என்பதற்கு முன்னால், நிரப்பாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். படத்தை அசைப்பதற்கான எளிய வழி, புள்ளிகளை இழுத்து நகர்த்துவது. வாயின் ஓரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் உதடு விரியும், அதுவரை சரி. கீழுதட்டைக் கீழே இழுத்தால், மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் இடையே உள்ள ஒற்றைக் கருங்கோடு தடித்த கரும்பட்டையாக நீளும். அல்லது உதட்டின் நிறமே நடுவில் ரப்பர்போல் இழுபடும். மடிப்பைப் பிரித்தால் உள்ளே வேறொரு பொருள் இருக்கிறது என்பது இழுக்கும் கணக்குக்குத் தெரியாது.

ஆய்வாளர்கள் இந்த ஓட்டையை மூன்று விதமாக அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் சில ஆண்டு இடைவெளியில் வந்தவை. எல்லாம் ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில்கள்: பல்லை யாரிடமிருந்து எடுப்பது?

யாருடையதும் அல்லாத பொதுப்பல்லை வைப்பது ஒரு பதில். 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர் யுஸ்டுஸ் தீஸும் அவருடைய குழுவினரும் செய்த முகமாற்றத்தில், மேல்வரிசைக்கு ஒரு தட்டி, கீழ்வரிசைக்கு ஒரு தட்டி என்று பல் படம் ஒட்டிய இரண்டு மெல்லிய பரப்புகளை உதட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அதற்கும் பின்னால் வாயின் உட்புறத்துக்கு ஒரு நிலையான படம். உதடு திறந்தால் தட்டி தெரியும். தொலைவிலிருந்து பார்த்தால் போதும். அருகில் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே பல்.

அதே குழு அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. 2016இல் வந்த ‘ஃபேஸ்டுஃபேஸ்’ என்ற அவர்களுடைய முறை, அசைக்கப்படுகிறவரின் சொந்தக் காணொளியிலேயே பல்லைத் தேடியது. ஒரு தலைவர் பேசும் பழைய காணொளி இருக்கிறது என்று வையுங்கள். நடிப்பவர் வாயைப் பாதி திறக்கும்போது, தலைவர் ஏறத்தாழ அதே அளவு வாய் திறந்த சட்டகம் எது என்று தேடி, அங்கிருந்து வாயின் உட்புறத்தை எடுத்துப் பொருத்துகிறார்கள். சட்டகத்துக்குச் சட்டகம் தாவாமல் இருக்க, முந்தையதற்கு நெருக்கமானதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த மூன்று பதில்களில் நான் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் வந்து சேர்வது அந்த மனிதரின் சொந்தப் பல். ஆனால் இதற்கு அவர் வாய் திறந்த காணொளி வேண்டும். பாட்டியிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ.

ஒரே போட்டோவை வைத்துக்கொண்டு 2017இல் டெல் அவிவ் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த ஆய்வு வேறு வழியில் போனது. பாட்டிக்குப் பல் தெரியாதென்றால் பேத்தியின் பல்லையே எடுத்து வைத்துவிடலாம் என்பது அதன் வழி. அசைவு கொடுப்பவரின் வாயின் உட்புறம் அப்படியே படத்துக்கு மாற்றப்படுகிறது. அசைவுக்கும் பல்லுக்கும் பொருத்தம் நூற்றுக்கு நூறு இருக்கும், இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதால். முகத்துக்கும் பல்லுக்கும்தான் பொருத்தம் இருக்காது.

அதன் பிறகு வந்தவை கற்றுக்கொள்ளும் வலையமைப்புகள். 2019இல் இத்தாலியின் திரெந்தோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு முறையைச் சொன்னால் போதும். பின்னால் வந்த பல கருவிகள் அதன் வழியில் வந்தவை. அது படத்தின் எந்தப் பகுதியை நகர்த்தினால் போதும், எந்தப் பகுதி இதுவரை மறைந்திருந்து இப்போது வெளிப்படுகிறது என்று ஒரு மறைவு வரைபடம் தயாரிக்கிறது. மறைந்திருந்த பகுதியை மட்டும் தன் அனுபவத்திலிருந்து புதிதாக வரைகிறது. உதடுகளுக்கு நடுவே உள்ள இடம் அந்த வரைபடத்தில் எப்போதும் ‘புதிதாக வரைக’ என்று குறிக்கப்படும் இடம்.

இங்கே ‘அனுபவம்’ என்பது என்ன என்று நின்று பார்க்க வேண்டும். இந்த வலையமைப்பும் மாஸ்கோவின் மோனாலிசாவும் பயின்றது ‘வாக்ஸ்செலெப்’ என்ற தொகுப்பில். யூடியூபில் உள்ள பிரபலங்களின் பேட்டிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களின் பேசும் முகங்களை வெட்டிச் சேர்த்தது அது. திரைக்கலைஞர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல்வாதிகள். கேமரா முன்னால் தோன்றுவதற்காகப் பல்லைச் சீரமைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் இவர்களில் நிறைய இருப்பார்கள். வெற்றிலை போட்டுச் சிவந்த பல்லையும், முன்பல் ஒன்று போன வாயையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தெத்துப்பல்லையும் அந்த வலையமைப்பு எவ்வளவு பார்த்திருக்கும்? பாட்டியின் உதடு பிரியும்போது அது போடுவது, தான் அதிகம் பார்த்த வாயைத்தான். வெள்ளையாக, வரிசையாக, இடைவெளி இல்லாமல்.

இது ஏன் பெரும்பாலும் பல்லாகக்கூட இல்லாமல் வெறும் வெள்ளைப் பட்டையாக வந்துவிடுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. வளர்ந்தவர்களின் இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். மேல்வரிசையின் நடுப்பல் ஒவ்வொன்றும் சுமார் 8.5 மில்லிமீட்டர் அகலம். அதை அடுத்தது ஆறரை. கீழ்வரிசை நடுப்பல் ஐந்தைச் சுற்றி. மேலே சொன்ன முறை வேலை செய்யும் படம் 256க்கு 256 புள்ளிகள். தலையும் தோளும் அதற்குள் அடங்கினால் கண்களுக்கு இடையே 60 புள்ளி வரும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி. நடுப்பல்லுக்கு 8 புள்ளி; பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள கோட்டுக்கு ஒரு புள்ளிகூட முழுதாகக் கிடைக்காது. அதோடு, அசைவைக் கணக்கிடும் பகுதி படத்தை நான்கில் ஒன்றாகச் சுருக்கி 64க்கு 64இல் பார்க்கிறது. அங்கே ஒரு நடுப்பல் இரண்டு கட்டம். பல் இடுக்கு சரியாக எங்கே வரும் என்று தெரியாத வலையமைப்பு, வரக்கூடிய எல்லா இடங்களுக்கும் சராசரி எடுத்து வரைகிறது. இடுக்குகளின் சராசரி என்பது இடுக்கே இல்லாத வெள்ளை.

கூர்மையாக வரையும்படி வலையமைப்பைப் பழக்குவதும் உண்டு. அப்போது இடுக்குகள் தெளிவாக வரும், ஆனால் ஒவ்வொரு சட்டகத்திலும் வேறு இடத்தில் வரலாம். ஓடும்போது பல் மினுங்குவதுபோல் தெரிவது அதனால்தான்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, இதைக் கையால் சரியாகச் செய்வதென்றால் எப்படி என்று பார்ப்போம். மார்பளவு எடுத்த பழைய கல்யாண போட்டோ. தாளில் பாட்டியின் கண்களுக்கு இடையே 7 மில்லிமீட்டர். அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் கண்களுக்கு இடையே சுமார் 165 புள்ளி கிடைக்கும். நிஜ முகத்தில் அது 63 மில்லிமீட்டர் என்று கொண்டால், முகத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.6 புள்ளி. நடுப்பல்லுக்கு 22 புள்ளி அகலம் வரும். பல்லைப் பல்லாகக் காட்ட இது போதும். இதே படத்தை 256 புள்ளிக்குச் சுருக்கும் கருவியில் போட்டால் இந்த 22, எட்டாகிவிடும். பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் திரும்ப வராது.

அடுத்தது உதடு. முகத்தில் 68 புள்ளிகளைக் குறிக்கும் முறை இத்துறையில் பரவலாகப் புழங்குகிறது. அதில் உள்ளுதட்டுக்கு மட்டும் எட்டுப் புள்ளிகள். மூடிய வாயில் மேல் உள்ளுதட்டுப் புள்ளியும் கீழ் உள்ளுதட்டுப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். பேத்தியின் சிரிப்பில் அவை பிரிகின்றன. அவளுடைய சிரிப்பு நடுத்தரமானது என்று வைப்போம்: மேலுதடு 5 மில்லிமீட்டர் உயர்கிறது, கீழுதடு 3 மில்லிமீட்டர் இறங்குகிறது. பாட்டியின் படத்தில் அது 13 புள்ளி மேலே, 8 புள்ளி கீழே. நடுவில் 21 புள்ளி உயரத்துக்கு வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தில் பல்லின் நுனி எங்கே முடிய வேண்டும்? இங்கே பல் மருத்துவர்களின் அளவு ஒன்று கைகொடுக்கிறது. இளம்பெண்கள் உதட்டைத் தளர்வாகப் பிரித்து வைத்திருக்கும்போது மேல் நடுப்பல்லின் நுனி மேலுதட்டுக்குக் கீழே 2 முதல் 4 மில்லிமீட்டர் தெரியும். ஆக, பாட்டியின் மூடிய வாயில் உதடுகள் சேரும் கோட்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே, கீழுதட்டுக்குப் பின்னால், அந்த நுனி இருக்கிறது. படத்தில் 8 புள்ளி. இப்போது கூட்டிப் பாருங்கள். மேலுதடு உயர்ந்ததால் வெளிப்படும் 5 மில்லிமீட்டர், உதட்டுக் கோட்டுக்குக் கீழே ஏற்கெனவே இருந்த 3 மில்லிமீட்டர், மொத்தம் 8. வெற்றிடமும் 8. மேல்வரிசைப் பற்கள் சரியாகக் கீழுதட்டைத் தொட்டு முடிகின்றன. இந்தச் சிரிப்பில் கீழ்ப்பல் தெரிய வேண்டியதில்லை, கறுப்பு இடைவெளியும் வரக் கூடாது. பல கருவிகள் இதே அளவுச் சிரிப்பில் நடுவே ஒரு கருங்கோட்டையும் கீழ்வரிசையையும் சேர்த்து வரைந்துவிடுகின்றன. சிரிப்பு பேச்சாக மாறிவிடுகிறது.

இனி முக்கியமானது பற்களை எதில் பொருத்துவது என்பது. மேற்பல் மண்டையோட்டில் நிலையாக இருப்பது. கீழ்ப்பல் தாடையோடு போவது. இரண்டுமே உதட்டோடு போவதில்லை. ஜன்னலின் திரை விலகும்போது வெளியே உள்ள மரம் நகராததுபோல, மேலுதடு உயரும்போது பல் அதே இடத்தில் நிற்க வேண்டும். அதனால் மேல்வரிசையை மூக்கின் அடிப்பகுதியை வைத்து நிறுத்த வேண்டும். தலை திரும்பினால் அதுவும் திரும்பலாம், உதடு அசைந்தால் அசையக் கூடாது. கீழ்வரிசை வேண்டியிருந்தால் அதை முகவாயோடு கட்ட வேண்டும்.

கடைசியில் ஒளி. பல் வாய்க்குள் இருப்பது, அதன்மேல் மேலுதட்டின் நிழல் விழும். நடுவிலிருந்து கடைவாயை நோக்கிப் போகப் போக இருட்டும். வாயின் இரு ஓரங்களிலும் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே சிறு இருட்டு மிஞ்சும். அதை வெள்ளையால் நிரப்பினால் கட்டுப்பல் மாட்டியதுபோல் இருக்கும். வெளிச்ச அளவுக்குப் பாட்டியின் கண் வெள்ளையை வைத்துக்கொள்ளலாம். பல் அதைவிடப் பளிச்சென்று இருந்தால் ஒட்டியது என்று உடனே தெரிந்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பிலிமின் மணல்போன்ற புள்ளிகள் முகமெங்கும் இருக்கும். புதிதாக வைத்த பல்லிலும் அதே மணலையும் அதே மங்கலையும் சேர்க்க வேண்டும். உதடு மங்கலாகவும் பல் கூர்மையாகவும் இருக்கும் படத்தைக் கண் நம்பாது.

சிரிப்பு இந்த அளவைத் தாண்டி, பேத்தி வாய்விட்டுச் சிரித்தால் மேலே சொன்ன கணக்கு கைவிட்டுவிடும். தாடை இறங்கி, நாக்கு, கீழ்வரிசை, அண்ணம் எல்லாம் வெளிப்படும். அவற்றில் எதற்கும் மூடிய வாய்ப் படத்தில் பிடிமானம் கிடையாது.

தவறு நடந்ததைக் கண்டுபிடிக்க நல்ல வழி, காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. மேல்வரிசையின் இரண்டு நடுப்பற்களுக்கு இடையே உள்ள கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவுக்கு அது எங்கே இருக்கிறது? பத்துச் சட்டகம் தள்ளிப் பாருங்கள். உதட்டோடு சேர்ந்து அது நகர்ந்திருந்தால் பல் உதட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. வாய் அகலும்போது பற்களும் அகன்றாலும் அதே கோளாறுதான். கோடே தெரியாமல் ஒரே வெள்ளையாக இருந்தால் முன்பு சொன்ன சராசரி. ஜெர்மனியில் எர்லாங்கன் நூர்ன்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் போலி முகங்களைக் கண்டறிய எடுத்துக்கொண்ட தடயங்களில் ஒன்றும் இதுதான்: தனித்தனிப் பல்லாகப் பிரியாத வெள்ளைத் திட்டு. கருவிகள் அதற்குப் பிறகு தேறியிருக்கின்றன. வெள்ளைத் திட்டு இப்போது குறைவு. இடம் மாறும் நடுக்கோடு இன்னும் மாட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு கோளாறு பல்லில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. பல கருவிகள் பேத்தியின் முகத்தை நேரடியாகப் பிரதி எடுப்பதில்லை. அவளுடைய முதல் சட்டகத்திலிருந்து எவ்வளவு மாறினாள் என்பதை மட்டும் பாட்டியின் முகத்தில் கூட்டுகின்றன. பேத்தி ஏற்கெனவே சிரித்துக்கொண்டே காணொளி தொடங்கினால், அந்தச் சிரிப்புதான் பூஜ்யம். அவள் சிரிக்கும்வரை பாட்டி வாய் மூடியே இருப்பார். அவள் வாயை மூடியதும் பாட்டியின் உதடுகள் ஏற்கெனவே மூடிய இடத்திலிருந்து இன்னும் நெருங்கி ஒன்றுக்குள் ஒன்று நசுங்கும். உதடு சப்பிப்போவதைப் பார்த்துப் பலர் கருவியைக் குறை சொல்கிறார்கள். பேத்தி வாயை மூடி, நேராகப் பார்த்து, பிறகு சிரிக்கத் தொடங்கும்படி காணொளியை வெட்டினால் இது சரியாகிவிடும். சில கருவிகளில் தொடக்கத்தில் உதட்டை மூடிய நிலைக்குக் கொண்டுவரும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. படத்தில் இருப்பவர் பாதி வாய் திறந்திருந்தால் அது உதவும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பாட்டிக்குக் கிடைப்பது பாட்டியின் பல் இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மனிதரை அவருடைய வீட்டார் நினைவு வைத்திருப்பதில் பல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. சிரித்தால் முதலில் தெரியும் எத்துப்பல், நடுவில் இருந்த இடைவெளி, வெற்றிலைக் கறை. அவற்றைக் கழுவித் துடைத்து வரிசைப்படுத்திய ஒரு வாயை அந்த முகத்தில் வைத்தால், அவரோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் முதலில் உறுத்தும். பேரக்குழந்தைகளுக்கு உறுத்தாது. அவர்கள் அதையே பாட்டியின் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள், எனக்கு வருத்தம் அதில்தான்.

மூடிய வாய் எதுவுமே சொல்வதில்லை என்றும் இல்லை. எத்துப்பல் உள்ளவர்கள் உதட்டை மூடும்போது மேலுதடு முன்தள்ளி இருக்கும், உதடுகள் இழுத்துப் பிடித்துச் சேரும், முகவாயில் சுருக்கம் விழும். பல் போனவர்களின் உதடு உள்ளே அமுங்கும். வயதாக ஆக மேலுதடு தொய்ந்து, சிரிக்கும்போது மேல்வரிசை குறைவாகவும் கீழ்வரிசை அதிகமாகவும் தெரியும். ஆகவே எழுபது வயதில் எடுத்த படத்துக்கு இருபது வயதுப் பேத்தியின் சிரிப்பை அப்படியே கொடுத்தால், பல் சரியாக அமைந்தாலும் வயது தவறிவிடும். மேலுதட்டின் உயர்வைப் பாதியாக்கினால் நெருங்கி வரும்.

அதைவிட நல்லது, அலமாரியில் இன்னொரு முறை தேடிப் பார்ப்பது. காதுகுத்து, வளைகாப்பு, யாரோ தெரியாமல் எடுத்த கொல்லைப்புறப் படம். அவற்றில் ஒன்றில் பாட்டி பல் தெரியச் சிரித்திருக்கலாம். தபால்தலை அளவு முகமாக இருந்தாலும் அது போதும். நடுப்பல் இரண்டும் எப்படி நின்றன, இடைவெளி எங்கே, நிறம் எவ்வளவு இருட்டு என்ற மூன்றும் கிடைத்துவிடும். தலை ஏறத்தாழ அதே பக்கம் திரும்பியிருந்தால், கண்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டு படத்திலும் அளந்து, அந்த விகிதத்தில் பெரிதாக்கி, மூக்கின் அடியை வைத்துப் பொருத்தலாம். அப்படி ஒரு படமும் கிடைக்காவிட்டால் நான் உதடுகளைப் பிரிக்கமாட்டேன். கண் ஓரத்தில் சுருக்கமும், கன்னத்தில் சின்ன ஏற்றமும், வாயின் இரு முனைகளில் மூன்று நான்கு புள்ளி உயர்வும் கொடுத்தால் மூடிய வாயே சிரிக்கும். அதற்கு வேண்டிய புள்ளிகள் அத்தனையும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன.